எட்டரை மணிக்கு நிற்கும் மாடுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் பெங்களூரில் பொறியியல் இறுதியாண்டு படித்தேன். அந்த வருடம் எனக்கு இருந்த அறிவைவிட, எனக்கு அறிவு இருக்கிறது என்ற எண்ணம் பல மடங்கு அதிகம். சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்திலேயே பொறியியல் படித்த முதல் ஆள் என்பதால், விடுமுறையில் நான் தெருவில் நடந்தால்கூட ஏதோ அளவெடுத்துக்கொண்டு போகிறவன் மாதிரிதான் நடப்பேன்.

இறுதியாண்டில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். அதற்கு முன்னால், என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். பிரச்சினை, நோக்கங்கள், செய்முறை, கால அட்டவணை என்று நான்கு பகுதிகள். ஆவணி முடிவதற்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அந்த வருடம் ப்ராஜெக்ட் கிடையாது. ப்ராஜெக்ட் இல்லாவிட்டால் பரீட்சையும் கிடையாது.

நான் பதினோரு பக்கம் எழுதினேன். ஆதி மனிதன் ஆற்றில் தண்ணீர் அள்ளியதில் ஆரம்பித்து, ஆயில் எஞ்சின் பம்ப் இல்லாததே எங்கள் வட்டார விவசாயத்தின் பிரச்சினை என்று முடித்திருந்தேன். நோக்கம்: தேசத்தின் உணவு உற்பத்தியைப் பெருக்குதல். என் பேராசிரியர் அதிகம் பேசாத மனிதர். பதினோரு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பம்ப் இல்லை என்பது பிரச்சினை அல்ல, அது நீ முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட விடை என்றார். தேசத்தை விட்டுவிட்டு ஒரு கிணற்றை எடுத்துக்கொள், அங்கே என்ன குறைகிறது என்று எழுது என்று திருப்பிக் கொடுத்தார்.

ஒரு கிணறு என்றதும் எங்கள் கிணறுதான் நினைவுக்கு வந்தது. அதில் கவலை ஏற்றம் போட்டிருந்தோம். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கிக் கயிற்றை இழுக்க, பெரிய தோல் சால் தண்ணீரோடு மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். அதை ஓட்டியவர் எங்கள் நிலத்தில் பல வருடங்களாக வேலை செய்தவர். அப்பாவை விட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவே இல்லை.

விடுமுறையில் நான் எழுந்து பல் விளக்கித் தோட்டத்துக்குப் போகும்போது மணி ஒன்பது ஆகியிருக்கும். மாடுகள் நின்றுகொண்டிருக்கும். அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பார். எட்டரைக்கே நிறுத்தியாச்சு என்பார்; ஏன் என்று நான் கேட்டதில்லை. ஆகவே என் இரண்டாவது வரைவில் பிரச்சினை இப்படி அமைந்தது: கவலை மெதுவானது, ஓட்டுபவரின் சோம்பலால் காலை எட்டரைக்கே நின்றுவிடுகிறது, அதனால் கீழ்வயல் ராகி காய்கிறது. நோக்கங்களைச் சுருக்கினேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை சால் ஏறுகிறது, எவ்வளவு ஆழத்திலிருந்து ஏறுகிறது என்று அளந்து, அதற்கேற்ற குதிரைத்திறன் உள்ள பம்பைத் தேர்ந்தெடுப்பது. டைப் அடித்து, கார்பன் பிரதியை ஊருக்கு எடுத்துப்போய் அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் காகிதத்தை வாங்கி, தெரியாத ஆங்கிலத்தை விரலால் தடவிப் பார்த்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெங்களூர் திரும்பியதும் பேராசிரியர் அந்த வரைவில் ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். சோம்பல். பிரச்சினையில் நீ சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் செய்முறையில் ஓர் அளவு இருக்க வேண்டும், இதை எந்தக் கருவியால் அளப்பாய் என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் தலையைச் சொறிந்தேன். எழுதுவதற்கு முன் அந்தக் கிணற்றடியில் ஒரு முழு நாள் இருந்துவிட்டு வா என்றார்.

ஓசூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து சூளகிரிக்கு இன்னொன்று. சனிக்கிழமை ராத்திரியே கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி வைத்துக்கொண்டேன். ஞாயிறு விடிவதற்குள் கிணற்றடியில் இருந்தேன். ஓட்டுபவர் எனக்கு முன்பே வந்து மாடு பூட்டியிருந்தார். நான் அந்த நேரத்தில் எழுந்து பார்த்தவனே இல்லை என்பதால் அதுவே எனக்குப் புதுச் செய்தி.

கயிற்றை இறக்கினேன். ஒன்பது முடிச்சு நனைந்தது, ஒன்பது அடித் தண்ணீர். ஏழு மணிக்கு நாலரை. எட்டரைக்கு ஒரு முடிச்சுகூட முழுதாக நனையவில்லை. சாலில் சேறும் கல்லும் வர ஆரம்பித்தன. அவர் மாட்டை நிறுத்தினார். இன்னும் ஓட்டினால் தோல் கிழியும். பகல் முழுக்க மணிக்கொரு தரம் கயிறு இறக்கினேன். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. மறுநாள் விடியும்போதுதான் மறுபடி ஒன்பது முடிச்சு வந்தது.

நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குறைவாக இருந்தது இறைக்கும் வேகம் அல்ல, ஊறும் வேகம். நான் ஆசைப்பட்ட பம்ப் இரண்டரை மணி நேர வேலையை அரை மணியில் முடித்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் காற்றைக் குடித்துக்கொண்டு நின்றிருக்கும். பதினோரு பக்கத்திலும் இல்லாத பிரச்சினை ஒரு கயிற்றில் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒப்புதல் கிடைத்துவிடும் என்ற சந்தோஷம் அதிகமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

உடனே மனதுக்குள் திட்டத்தைத் திருத்தினேன். பிரச்சினை: கிணறு ஒரு நாளில் தரும் நீர் மூன்று மணி நேர இறைப்புக்குக்கூடப் போதவில்லை. நோக்கம்: மாதந்தோறும் ஊற்றின் அளவை அறிதல், ஆழப்படுத்துவதா, பக்கவாட்டில் துளையிடுவதா என்று ஒப்பிடுதல், பம்ப் வேண்டுமென்றால் ஊற்றுக்குத் தக்க அளவில் சொல்லுதல். கால அட்டவணை: ஆவணி முதல் மாசி வரை அளவெடுப்பு, பங்குனியில் அறிக்கை. மிக வறண்ட சித்திரை மாதம் அட்டவணைக்கு வெளியே போவதால் அதையும் குறையாக ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் காலையும் மாலையும் கயிறு இறக்க இங்கே ஓர் ஆள் தேவை. அந்த ஆள் எதிரிலேயே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

அவர் தயங்கினார். "நான் அடுத்த மாசம் இங்க இருக்க மாட்டேன் சாமி. சிங்காரப்பேட்டை பக்கம் ஒரு பண்ணையில வரச் சொல்லியிருக்காங்க. அப்பாதான் வேற ஆள் பாத்துட்டேன்னாரு."

ஏன் என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"நான் சோம்பேறின்னு காயிதத்துல அடிச்சி வந்திருக்குதாம். எட்டரைக்கு மேல சேறுதான் வரும்னு அப்பாவுக்குத் தெரியாதா? நேத்தா ஓட்டறேன் இத? காயிதத்துல வந்தப்புறம் அவருக்கும் தெரியாமப் போயிடுச்சி."

கோபமில்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சுக் கணக்கு, ஊற்று, சேறு எல்லாம். அப்பா பொறுமையாகக் கேட்டார். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, புது ஆள் குடும்பத்தோடு கிளம்பிவிட்டான் என்றார். பிறகு மெதுவாக, "நீதானே எழுதின" என்றார்.

மூன்றாவது வரைவுக்கு ஒப்புதல் கிடைத்தது. இப்போது காரணமில்லாத சொல் ஒன்றுகூட இல்லை என்று பேராசிரியர் சொன்னார். வகுப்பில் மற்றவர்களுக்கு மாதிரியாகவும் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த மாதம் அளவெடுக்க ஊருக்குப் போனேன். புது ஆள் இளவயதுக்காரர், நல்ல சுறுசுறுப்பு. விடியுமுன்னே மாடு பூட்டினார். எட்டரைக்கு நிறுத்திவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். அப்பா வரப்பில் நின்று அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.