நார்த்தூளை மாடியில் அலசுங்கள்

சொட்.

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். அடுப்படியில் நின்றிருந்தவளுக்கு அது தன் நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது போலிருந்தது.

"ஏய், இன்னொரு பாத்திரம் கொண்டா! இந்தத் தடவை சரியா நெத்திப்பொட்டுல குறி பார்த்து அடிக்குது."

கட்டிலிலிருந்து கணவர்தான் கத்தினார். இரவெல்லாம் ஒரு கிடங்கைக் காவல் காத்துவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர். அவள் வாணலியோடு ஓடினாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். நேற்று தட்டு அளவுக்கு இருந்த ஈரம் இன்று தாம்பாளம் அளவுக்குப் பரவியிருந்தது. அதற்கு நேர் மேலே மொட்டைமாடி. மொட்டைமாடியில் பதினோரு குடும்பங்களின் நாற்பத்து மூன்று தொட்டிகள். அத்தனையும் அவள் ஒருத்தியின் பேச்சைக் கேட்டு வந்தவை!

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பெயரே கிடையாது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நாள் முழுக்கப் போர்வை மடித்துவிட்டு வருவாள். லிஃப்டில் ஏறினால் யாரும் முகம் பார்க்க மாட்டார்கள். ஓர் உடைந்த வாளியில் அவள் வளர்த்த மிளகாய்ச் செடி காய்த்தபோது, அதைப் படம் எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'எப்படி?' என்று நாலு பேர் கேட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் உட்கார்ந்து விலாவாரியாக ஒரு பதிவு எழுதினாள்.

'பயப்படாதீர்கள். ஒரு பழைய பெயிண்ட் வாளி போதும். அடியில் நாலு ஓட்டை போடுங்கள். மிளகாய்க்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும், புதினாவுக்கு அதில் பாதி போதும். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். செத்துப் போனால் அழாதீர்கள், நான் மூன்று செடியைக் கொன்றவள்தான்.'

அன்றிலிருந்து அவள் மிளகாயக்கா ஆனாள். மூன்றாம் மாடிப் பெண்கள் கதவைத் தட்டி இலையைக் காட்டி வைத்தியம் கேட்டார்கள். 'நம்ம வீட்டுக்கு டாக்டரம்மா வந்துட்டாங்க' என்று கணவர் கிண்டல் செய்தாலும், அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

வாசல் மணி அலறியது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் நின்றார், கையில் குடையோடும் முகத்தில் கடுகடுப்போடும். பின்னால் குழாய்க்காரர், தோளில் சாக்குப்பை.

"ஆறு மணிக்குக் கமிட்டி கூடுதும்மா" என்றார் செயலாளர். "ஒண்ணு உங்க தொட்டி காரணம், இல்லன்னா இவர் போன மாசம் போட்ட குழாய் காரணம். தொட்டின்னா எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுடுவேன். குழாய்ன்னா இவர் இனிமே இந்தக் கேட்டுக்குள்ள வரக் கூடாது. வாங்க மேல."

மழை சற்று விட்டிருந்தது. மாடியில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. செங்கல்மேல் உயர்த்தி வைத்த தொட்டிகள் குட்டித் தீவுகள் மாதிரி நின்றன. அவளுடைய மிளகாய்ச் செடியில் ஏழு பழங்கள், சிவக்கச் சிவக்க.

குழாய்க்காரர் மூலையில் குந்தி, வடிகால் வாயின் சல்லடை மூடியைக் கழற்றி உள்ளே கம்பியை விட்டுச் சுழற்றினார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாம் தடவை இழுத்தபோது முழ நீளத்துக்குப் பழுப்பாக ஒன்று வந்தது. மறுகணம் களகளவென்று தண்ணீர் குழாய்க்குள் இறங்கியது.

"ஆப்புட்டுச்சு!" என்றார் செயலாளர். "சணல்! குழாய் மரையில கசியாம இருக்கச் சுத்துறதுக்குக் கொண்டு வந்தியே, அந்தச் சணல். மிச்சத்தை உள்ளயே தள்ளிட்டுப் போயிட்டியாய்யா?"

"சார், சத்தியமா இல்ல. நான் சுத்தினது கொஞ்சூண்டு. இவ்ளோ எப்படி..."

"கையில வெச்சுக்கிட்டே இல்லைங்கிறியே!"

குழாய்க்காரர் அந்த ஈர நாரை வெறித்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது சணல் அல்ல. தேங்காய் நார்த்தூள். கட்டியாக வாங்கி ஊறவைத்து, மண்ணோடு கலப்பதற்கு முன் உப்புப் போக இரண்டு மூன்று தடவை அலச வேண்டிய தூள். பதிவு போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் செய்து காட்டுகிறேன் என்று இதே மூலையில்தான் அலசினாள். தண்ணீர் சட்டென்று போகட்டும் என்று இதே மூடியை இதே கையால் கழற்றி வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த பத்துக் குடும்பமும் அப்படியே செய்தது!

சொல்லாவிட்டால்? தொட்டிகள் பிழைக்கும். மிளகாயக்கா பிழைப்பாள்.

கீழே அவள் வீட்டுக்கே வந்து, சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, தப்பு குழாய்க்காரருடையது என்று எழுத ஆரம்பித்தார் செயலாளர். நாரை ஒரு செய்தித்தாளில் சாட்சிப் பொருள் போலப் பொதிந்து வைத்திருந்தார். குழாய்க்காரர் உட்காரவில்லை.

அவள் பொதியையே பார்த்தாள். கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். கூட இருபது வருஷம் வாழ்ந்தவருக்குப் புரியாதா? அவள் பக்கம் குனிந்து, "வாயைத் திறக்காத" என்று மூச்சுக்காற்றில் சொன்னார்.

உள்ளே வாணலியில் சொட் என்று விழுந்தது.

"கையெழுத்துப் போடுய்யா" என்றார் செயலாளர்.

குழாய்க்காரர் பேனாவை வாங்கினார்.

"போடாதீங்கண்ணே!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. போனை எடுத்துத் தன் பதிவைத் தேடிப் பிடித்து உரக்க வாசித்தாள்.

"'நார்த்தூளை வீட்டில் அலசினால் பாத்ரூம் அடைத்துக்கொள்ளும். மாடியில் அலசுங்கள்.' நான் எழுதினது சார். பாத்ரூம் அடைக்கும்னு தெரிஞ்சவளுக்கு மாடிக் குழாய் அடைக்கும்னு தெரியல. மூடியைக் கழட்டினதும் நான்தான். அது சணல் இல்ல. கசக்கிப் பாருங்க, தூளா உதிரும். சணல் உதிராது."

செயலாளர் பொதியைப் பிரித்துக் கசக்கினார். பழுப்புத் தூள் தாளில் கொட்டியது.

"உங்களை நம்பி என் சம்சாரமும் நாலு தொட்டி வெச்சிருக்கா" என்றார். "அவகிட்ட நான் எப்படிம்மா சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம் சார். நானே சொல்றேன்."

"மாடியில இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஒரு தொட்டி இருக்கக் கூடாது. அவங்கவங்க பால்கனிக்கு எடுத்துட்டுப் போகட்டும். தளம் காஞ்சு, பூசி முடிச்ச அப்புறம் திரும்ப வைக்கலாமான்னு கமிட்டி யோசிக்கும்." எழுதிய தாளை நாலாகக் கிழித்தார். குடையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்.

அவள் அங்கேயே நின்று தட்டச்சு செய்தாள். 'என் பதிவில் தப்பு. மாடியில் அலசாதீர்கள். வாளியில் ஊறவைத்து, பழைய துணியில் வடிகட்டுங்கள். நார் துணியில் நிற்கும், நீரை மட்டும் கொட்டுங்கள். தண்ணீர் தேங்கியது என்னால்தான். தொட்டிகளை இறக்க எல்லோருக்கும் கை கொடுக்கிறேன்.' அனுப்பியதும் கண் கலங்கிவிட்டது. கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு, தொட்டி இறக்க மாடிக்குப் போனார்.

குழாய்க்காரர் பையைத் தோளில் ஏற்றினார்.

"மேலயே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்லக்கா?"

"தெரிஞ்சிருச்சு."

"படியிறங்கி வந்து, அவர் எழுதி, பேனா என் கைக்கு வர்ற வரைக்கும் பேசல."

அவள் தலை குனிந்தாள். "ஆமாண்ணே. மிளகாயக்காங்கிற பேர் மேல ஆசை."

அவர் வாசலில் நின்றார். கோபமா, வருத்தமா, அந்த முகத்தில் தெரியவில்லை.

"எங்க வீட்டு ஜன்னல்ல மூணு மணி நேரம்தான் வெயில் வரும். மிளகாய் வருமா?"

"மிளகாய் காய்க்காது. புதினா வரும்." ஜன்னலோரக் குவளையிலிருந்து வேர்விட்ட இரண்டு தண்டுகளை எடுத்து ஈரத்துணியில் சுற்றி நீட்டினாள். "டப்பாவுக்கு அடியில ஓட்டை போட மறந்துடாதீங்க."

"ஓட்டை போடறதுக்கு எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்றார் குழாய்க்காரர். சிரிக்கவில்லை. ஆனால் வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும் வரை நின்றிருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.