எடைச்சீட்டும் இரண்டு ஜாவாவும்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நான் புரோகிராமராக இருந்தேன். கேட் ரூமில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். லாரி வரவைப் பதியும் பழைய புரோகிராம் ஓட ஜாவா என்ற மென்பொருளின் 1.4 வெர்ஷன் வேண்டும். எடைமேடைக்குப் புதிதாக வந்த புரோகிராமுக்கோ ஜாவா 5. ஒன்றுக்கு ஏற்றது மற்றதற்கு ஆகாது. இன்னொரு மெஷின் கேட்டால் மேனேஜர் சிரிப்பார். பத்திக்கொண்டு வரும் எனக்கு.

கடைசியில் நானே கட்டளைகளைக் கோத்து இரண்டு பேட்ச் ஃபைல் எழுதிவைத்தேன். கறுப்பு விண்டோவைத் திறந்து 'j4' என்று அடித்தால் அந்த விண்டோவில் மட்டும் 1.4 முன்னால் வந்து நிற்கும், எழுத்து பச்சையாகும். 'j5' அடித்தால் ஜாவா 5, மஞ்சள். எடைபோடும் அண்ணன் காசிமேட்டுக்காரர். இரண்டு விண்டோவையும் அவர் மூடவே மாட்டார்.

ஆயுத பூஜை அன்று மேனேஜர் எல்லா மெஷினையும் அணைக்கச் சொல்லி, சந்தனம் குங்குமம் வைத்து, பிறகு போடச் சொன்னார். வெளியே டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, டிரைவர்கள் நன்றாகத் தண்ணி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்கள். அண்ணன் அவசரத்தில் புது விண்டோவைத் திறந்து எடை புரோகிராமை நேராக ஓட்டியிருக்கிறார். எதுவும் அடிக்காவிட்டால் அந்த மெஷின் எடுப்பது 1.4. ஜாவா 5-க்குக் கட்டின புரோகிராம் அதில் எப்படி ஓடும்? ஜாவா 5-இன் உள் எண்ணான 'வெர்ஷன் 49.0' என்று ஒரு வரி கக்கிவிட்டுச் செத்தது. திரும்பத் திரும்ப ஓட்டியும் அதே வரிதான். எடைச்சீட்டு இல்லாமல் லாரி வெளியே போக முடியாது.

சத்தம் கேட்டு நான் ஓடினபோது ஒரு டிரைவர் அண்ணனின் தலைமுடியைப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதிக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் விலாவில் உதைத்தான். அண்ணனின் வலது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் தெரிந்தது. தண்ணீர் கேனைத் தூக்கி, முடியைப் பிடித்தவன் முதுகில் ஓங்கிப் போட்டேன். திரும்பி என் கன்னத்தில் ஒன்று விட்டான். காது இரைந்தது.

"சீட்டு வர்ற வரிக்கும் இவன வுடமாட்டேன். இன்னா பண்ணுவியோ பண்ணு."

பாவி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஸ்கிரீனைப் பார்த்தேன். பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, வெள்ளை எழுத்து. ஒவ்வொரு மோதலுக்கும் மேஜை ஆடியது. j5 அடித்தேன், பிசகியது, அழித்து மறுபடி அடித்தேன். மஞ்சளானது. புரோகிராமை ஓட்டினேன். எடை வந்தது. பிரின்டர் கரகரவென்று சீட்டைத் தள்ளியது.

அவன் உடனே கையை எடுத்தான். கோபமெல்லாம் எங்கே போனதோ. கீழே சரிந்து கிடந்த அண்ணனின் விரல்களுக்குள் பேனாவைச் செருகினான். எடைபோட்டவர் கையெழுத்து இல்லாமல் சீட்டு செல்லாது. அண்ணன் தடவித் தடவிப் போட்டார். சீட்டில் ரத்தம் சொட்டியது.

டிரைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஹார்பர்ல இத்த வாங்கமாட்டானுங்கம்மா. வேற ஒண்ணு அடிச்சிக் குடு."

அடித்துக் கொடுத்தேன். அண்ணன் மறுபடியும் கையை நீட்டினார்.