எங்கள் மணிக்கு ஓடக்கூடாது

செயலாளரே, ஜாசின் பஸ் நிலையத்தில் நீங்கள் கட்டிவைத்திருக்கும் பேனர் பொய் சொல்கிறது. "மணி அடிச்சாச்சு, ஓடி வாங்க. முந்திப் பதிந்தால் முன்பெஞ்சு." எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளியின் பழைய மாணவர் சந்திப்புக்குப் பெயர் சேர்க்க நீங்கள் எழுதிய வாசகம் இது. அந்த மணியை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். அது மணியே இல்லை, ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடித்தால் பல் கூசும்.

கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவிப்பதற்கு முன்பு அது பள்ளி வாசலில் தொங்கியது. பிறகு தொலைவில் இருந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை எல்லாம் பிரித்து, எங்களை ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றி முள்கம்பி போட்டார்கள். தண்டவாளத் துண்டையும் கழற்றிக்கொண்டுபோய்க் காவலர்கள் நின்ற கேட்டில் மாட்டினார்கள். அன்றிலிருந்து பள்ளிக்கு மணி கிடையாது, வாத்தியார் வாசலில் நின்று கை தட்டுவார். கேட்டில் அந்த இரும்பு அதிர்ந்தால் ரப்பர் காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். "சத்தம் கேட்டா எங்க நிக்கிறியோ அங்கயே படு. ஓடுற எதையும் சுடுவானுங்க" என்று அப்பா தினமும் சொல்லித்தான் அனுப்புவார். நாங்கள் பெஞ்சுக்கு அடியில் படுப்போம். முன்பெஞ்சு ஜன்னலோரம் இருந்ததால் அதில் உட்கார ஒருவரும் முந்தவில்லை.

இதைப் பெயர்ப் பதிவுக் கூட்டத்திலேயே சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் படித்தது எங்களுக்கு இருபது வருடம் கழித்து.

"அண்ணே, இந்த மாதிரி வாசகத்துல பாதி பழைய ஞாபகம், பாதி அவசரம். பஸ்ல போறவன் ஒரு பார்வையில படிச்சு முடிக்கணும்லா. கடைசி வாரத்துல எல்லாரும் வந்து பேர் குடுத்தா நாற்காலிக்கு எங்க போறது, சாப்பாட்டுக்கு என்ன கணக்குச் சொல்றது, நினைவு மலர்ல யார் பேர அச்சடிக்கிறது? அதான் முதல்ல பதியிற முப்பது பேருக்குக் குரூப் போட்டோவுல முன்பெஞ்சு."

"ஞாபகம்னு சொல்றியே தம்பி, யார் ஞாபகம் அது?"

"எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் மணி இருக்கும்ணே. பெஞ்சுக்கு அடியில படுங்கன்னா பேனர்ல போட முடியும்?"

கூட்டமே சிரித்தது. நீங்கள் வேலை தெரிந்த ஆள்தான், நாற்காலிக் கணக்கில் சொன்னது சரி. ஆனால் யாருடைய நினைவைக் கிளற எழுதுகிறோமோ அவர்களிடம் கேட்காமல் எழுதிவிட்டீர்கள். நானும் அஞ்சலையின் பெயரைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன், அது என் தப்பு. இப்போது சொல்கிறேன்.

அஞ்சலை வேறொரு தோட்டத்திலிருந்து எங்கள் லயத்துக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பது வயது, என் வகுப்பு. அவள் பழைய பள்ளியில் தண்டவாளம் அடித்தால் பாடம் தொடங்குகிறது என்று பொருள். எங்கள் விஷயத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் இருந்த நானும் சொல்லவில்லை. அன்று காலை கேட்டில் இரும்பு அதிர்ந்தது. நாங்கள் தரையில் படுத்தோம். கதவு இடுக்கு வழியே பார்த்தேன்: சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று திடலின் குறுக்கே அவள் ஓடி வந்தாள். வாத்தியார் படுத்தபடியே "படு புள்ள, படு" என்று கத்தினார். அவள் இன்னும் வேகமாக ஓடினாள். குண்டு முழங்காலில் பட்டது. கேட்டிலிருந்து வந்ததா காட்டிலிருந்து வந்ததா என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இப்போது அவள் புக்கிட் காத்திலில் மகன் வீட்டில் இருக்கிறாள், கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். சந்திப்புக்குப் போக ஆசைப்பட்டு, பதிவுத் தாளை என்னை நிரப்பச் சொன்னாள். பெயர், படித்த வருடம் எல்லாம் எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போடும்போதுதான் தாளின் தலைப்பில் இருந்த வாசகத்தை வாசித்தாள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள்.

"முதல்ல ஓடி வந்தவ நான்தான்லா. எனக்கு எந்த பெஞ்சு குடுப்பாங்களாம், கேட்டுட்டு வா."

முள்கம்பியும் லயமும் போய்விட்டன. திடல் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. தண்டவாளத் துண்டை எந்தப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனானோ தெரியாது. மிச்சம் இருப்பது நாங்கள் பத்துப் பதினைந்து பேர். "பழைய செட்டு ஏன் பதியமாட்டேங்குது" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களாம். காரணம் இதுதான்.

கையெழுத்தில்லாத அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. பதிவு முடிகிற நாளுக்குள் பேனரை இறக்குங்கள். என் வீட்டுக்கு வந்து தனியாகச் சமாதானம் சொல்ல வேண்டாம். அதைக் கட்டிய அதே பஸ் நிலையத்தில், நாலு பேர் கேட்க, அஞ்சலைக்கு எந்த பெஞ்சு என்று சொல்லுங்கள்.