பத்தில் எட்டு பங்கு

அந்த மெசேஜை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. "திங்கள்கிழமையிலிருந்து வண்டி அனுப்ப வேண்டாம். வேற ஆள் பார்த்தாச்சு." அவ்வளவுதான். போன்கூடப் பண்ணவில்லை.

வேளச்சேரியில் என் சலவைக்கூடம். தி.நகரில் மூன்று கிளை வைத்திருந்த ஒரு ஹோட்டலின் படுக்கை விரிப்பு, டவல் எல்லாம் நாங்கள்தான் வெளுத்தோம். வருமானத்தில் பத்துக்கு எட்டு பங்கு அங்கிருந்துதான். அவர்களுக்காகவே இரண்டாவது பெரிய மெஷினைக் கடனில் வாங்கினேன். நடுவில் மயிலாப்பூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக் தங்கள் துணியையும் வெளுத்துத் தரக் கேட்டது. ஹோட்டல் மேனேஜர் முகம் சுளித்தார். "நோயாளி துணி போடற மெஷின்லயா எங்க பெட்ஷீட்டும்?" நானும் கிளினிக்கிடம் முடியாது என்றேன். அடுத்த மாதமே மேனேஜர் விலையைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். எனக்கு வேறு போக்கிடமில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிய வைத்தவள் நான்தான்.

ஹோட்டலிலிருந்து அந்த மெசேஜ் வந்த அன்று வண்டி ஓட்டும் என் கணவர், "இன்னா பண்றது, இன்னொரு ஹோட்டலாப் பாக்கலாம்" என்றார்.

"இன்னொரு ஹோட்டலா? மறுபடியும் ஒருத்தன் கால்லயே வுழணுமா?" என்று கத்தினேன். வேலை செய்த நான்கு பெண்களும் விரிப்புகளை மடித்துக்கொண்டே இருந்தார்கள். அதில் இருவரை அந்த மாதம் நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

மறுநாளே கிளம்பினேன். வெட்கத்தை விட்டு அந்த கிளினிக்கிலேயே முதலில் கேட்டேன். பிறகு அடையாறில் இரண்டு அழகு நிலையம், மந்தைவெளியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேஜை விரிப்புகள். எல்லாம் சில்லறை வேலை. வண்டிக்கு அலைச்சல் அதிகம், எண்ணெய்க் கறை போகாத டவல்களோடு மல்லுக்கட்டு. ஆனால் சின்ன இடங்கள் விலையை அடித்துப் பேசவில்லை. யாராக இருந்தாலும் ஒரே ஆளிடம் மொத்த வேலையில் கால் பங்குக்கு மேல் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து அந்த மேனேஜர் நேரில் வந்தார். புது ஆள் விரிப்புகளைப் பழுப்பாக்கிவிட்டானாம். "பழைய மாதிரி மூணு கிளையும் எடுத்துக்குங்க மேடம்."

"ஒரு கிளைதான் சார் முடியும். விலை இது. நிறுத்தறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லணும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"உங்களை வளத்து விட்டதே நாங்கதான்."

"ரெண்டு பேரை வேலைய வுட்டு அனுப்ப வெச்சதும் நீங்கதான்."

கதவை அறைந்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் ஒரு கிளைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு அந்தத் தாள் திரும்பி வந்தது. நிறுத்திய இருவரில் ஒருத்தியைத் திரும்பக் கூப்பிட்டேன். மற்றவள் வேறெங்கோ சேர்ந்துவிட்டாள்.

போன மழைக்காலத்தில் அழகு நிலையம் ஒன்று மூடிவிட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மாதம் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.