ஒரு பெண்ணின் சாட்சி போதும் என்றவர்

செய்தி வந்தபோது நான் பாரிசில் பிலிப்-து-ஜிரார் தெருக் கடையில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் தம்பி கந்தையா.

"அக்கா, சுகந்தி எங்களை விட்டிட்டுப் போட்டாள்."

பிறகு அழுதான். அந்த அழுகையை நம்பினேன். அவனை மன்னிக்கவில்லை.

சுகந்தி என் தம்பியின் மூத்த மகள். என்னை மாமி என்று கூப்பிட்ட பிள்ளை. ஆனாலும் இந்தக் கட்டுரையில் 'அவர்' என்றே எழுதப்போகிறேன். உயிரோடு இருந்தபோது, இதை வாசிக்கும் சொந்தக்காரரே, உங்களில் ஒருவரும் அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை. 'விசரி' என்றீர்கள், 'யூதப் பேப்பர்காரி' என்றீர்கள். யார் யார் எந்த வீட்டில் வைத்துச் சொன்னீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளையாகப் பாரிசுக்கு வந்தவர். மார்க்ஸ் டோர்மோயில் தகப்பனின் இரண்டறை வீட்டில் படித்து, எபிரேயமும் அரபும் கற்றார். கணக்காளர் வேலை பார்ப்பார் என்று காத்திருந்த தகப்பனுக்கு அது பெரிய இடி. "செத்த ஆக்களின்ர குப்பையைக் கிண்டத்தானோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்று என் முன்னாலேயே கேட்டான். அவர் சிரித்துக்கொண்டு, "ஓம் அப்பா, ஆனால் குப்பையெண்டு எறியாமல் வைச்ச குப்பை" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு விளங்கும்வரை சலிக்காமல் சொல்லித் தந்தது அவர்தான். எகிப்தில், பழைய கெய்ரோவில், யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று. பெண்கள் இருக்கும் மேல்தளத்தின் கோடியில் ஒரு அறை. கதவில்லை. சுவரில் உயரத்தில் ஒரு துவாரம். ஏணி வைத்து ஏற வேண்டும். அதற்குப் பெயர் கெனிசா. கடவுளின் பெயர் எழுதிய தாளை அழிக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வேதநூல் கிழிந்தாலும் அதற்குள் போடுவார்கள். போகப்போக எபிரேய எழுத்துள்ள எந்தத் தாளையும் எறிய மனம் வரவில்லை. வியாபாரி கடிதம் எழுதினாலும் கடவுளைச் சொல்லித்தானே தொடங்குவான்? அதனால் எல்லாம் உள்ளே போனது. நூற்றாண்டுக் கணக்கில் விழுந்து கிடந்தது. மழை குறைந்த ஊர் என்பதால் உக்கவில்லை.

"உள்ளுக்கை என்ன பிள்ளை கிடந்தது?" என்று கேட்டேன்.

"எல்லாம் மாமி. கலியாண ஒப்பந்தம், பொம்பிளை கொண்டுவந்த சட்டி பானை, பாய் தலையணை விபரம். ஆர் ஆருக்கு இந்தக் கிழமை பாண் குடுத்தது எண்ட ஏழையளின்ர பட்டியல். இந்தப் பாற்கட்டி எங்கடை முறைப்படி செய்தது எண்ட அத்தாட்சி. இந்தியாவிலை இருந்து மிளகு வந்தது, நனைஞ்சு போச்சு எண்ட முறைப்பாடு. சின்னப் பிள்ளை அரிவரி எழுதிப் பழகின தாளும் கிடக்கு."

பேச்சு அரபு, எழுத்து எபிரேயம். நம் ஊர் முஸ்லிம்களான சோனகர் முன்பு தமிழை அரபெழுத்தில் எழுதியதுபோல. தாள் விலை கூடியது என்பதால், பக்கம் முடிந்ததும் ஓரத்தில் தாளைத் திருப்பித் திருப்பி எழுதியிருப்பார்கள். பின்னாளில் வெள்ளைக்காரர் அந்த அறையை அள்ளி நூலகங்களுக்குக் கொண்டுபோனதில், ஒரே கடிதத்தின் ஒரு பாதி இங்கே, மறுபாதி வேறு நாட்டில். கையெழுத்தையும் வரிகளின் இடைவெளியையும் கிழிந்த விளிம்பையும் வைத்துப் பொருத்துவதுதான் சுகந்தியின் வேலை.

இனி உங்களுக்குப் பிடிக்காத கதைக்கு வருகிறேன்.

என் மகள் மலரின் கணவர் ரவீந்திரன் வன்னியில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமற்போனார். மலர் தனியாக இங்கே வந்து சேர்ந்தாள். அவளோடு ஒரே முகாமில் இருந்த வன்னிப் பிள்ளை செல்வியும் பின்னர் வந்தாள். செல்வி என் குசினி அடுப்படியில் இருந்து சொன்னாள்: கடற்கரைப் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் ரவீந்திரன் செத்துக் கிடந்ததை என் கண்ணால் கண்டேன் என்று.

பாரிசுக்குப் பக்கத்து எபினேயில் இருந்து ஒரு நல்ல மனிதர் மலரைப் பெண் கேட்டார். காணாமற்போனவர் இறந்தார் என்று அறிவிக்கப் பிரெஞ்சு நீதிமன்றத்தில் ஒரு வழி இருந்தது, அதற்கு வருடங்கள் போகும். முதலில் கோயிலில் தாலி கட்டுவோம், குடும்பப் பெரியவர்கள் சம்மதம் சொன்னால் போதும் என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டா. அதற்காகத்தான் நீங்கள் எல்லோரும் என் வீட்டில் கூடினீர்கள். தேத்தண்ணியும் வடையும் சாப்பிட்டீர்கள்.

செல்வி எழுந்து சொன்னாள். குடும்பத்தில் மூத்தவரான பரமலிங்கத்தார் வடையைக் கீழே வைக்காமலே, "உது ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர கதை. ஆம்பிளை ஆரும் கண்டவையோ? நாளைக்கு அவர் உயிரோடை வந்து வாசல்லை நிண்டால்?" என்று கேட்டார். கந்தையா தலையாட்டினான். செல்வி திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள்.

அப்போது சுகந்தி ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தார். கெனிசாத் தாள் ஒன்றின் படம்.

"மாமா, இது எழுதின ஆக்கள் உங்களை விட இறுக்கமான ஆக்கள். இந்தியாவுக்குக் கப்பலேறிற வியாபாரி, இத்தனை காலத்துக்குள்ளை திரும்பாட்டில் இவள் விடுதலை எண்டு எழுதி, சாட்சி வைச்சு, மனிசி கையிலை குடுத்திட்டுப் போனான். அப்பிடிக் குடுக்காமல் துலைஞ்சு போனால் அவள் கட்டுண்டு கிடப்பாள். அதுக்கும் அவையின்ர சட்டம் ஒரு வழி வைச்சது. மற்ற வழக்குக்கு இரண்டு ஆம்பிளைச் சாட்சி வேணும். புருசன் செத்தான் எண்டு சொல்ல ஒரு சாட்சி போதும். அது பொம்பிளை எண்டாலும் போதும். அவள் இன்னொருத்தர் சொல்லக் கேட்டது எண்டாலும் போதும்."

"வந்து நிண்டால்?" என்றார் பரமலிங்கத்தார் மறுபடி.

"வந்தால் இரண்டு பேரையும் விட்டுப் போகவேணும். அவ்வளவு கடுமை. அந்தப் பயத்திலையே அவள் வடிவா விசாரிச்சுத்தான் கட்டுவாள் எண்டு நீதிபதிமார் நம்பினவை. நீங்கள் செல்வியிட்டை ஒரு கேள்வி கேட்டியளோ? என்ன உடுப்பு, எந்தப் பக்கம் காயம், ஆர் பக்கத்திலை இருந்தது? அவை கேட்டிருப்பினம். கேட்டு, எழுதி, கையெழுத்து வைச்சிருப்பினம்."

அதன்பிறகும் ஒருவரும் செல்வியைக் கேட்கவில்லை. கந்தையா எழுந்து, "உன்ர யூதப் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியாலை போ. சைவக் கலியாணத்துக்கு உது ஆர் கேட்டது?" என்றான். சுகந்தி படத்தை எடுத்துக்கொண்டு போனார். மலர் குசினியில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினாள். மாப்பிள்ளையின் தாய் கொஞ்சக்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகனுக்கு வேறு இடத்தில் கலியாணம் செய்துவைத்தா. அந்த மனிதருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மலர் இன்னமும் விடுதிக் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுகிறாள். மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. நல்ல காரியங்களுக்குக் கூப்பிடவும் மாட்டீர்கள், துக்கம் விசாரிக்கவும் மாட்டீர்கள்.

அதன்பிறகு சுகந்தி உங்கள் வீடுகளுக்கு வரவில்லை. என் வீட்டுக்கு வந்தார். மார்பில் நோய் வந்து ஆசுபத்திரியில் கிடந்தபோது மலர்தான் சோறு குழைத்து ஊட்டினாள். கடைசியாக நான் போனபோது குரல் இறங்கிவிட்டது.

"மாமி, செல்வி சொன்னதை ஆரும் எழுதி வைக்கேல்லை, என்ன?"

"இல்லைப் பிள்ளை."

"எழுதாட்டில் அது காத்தோடை போயிடும் மாமி. அந்த அறையிலை கிடந்த பொம்பிளையளையெல்லாம் எனக்குத் தெரியும். எங்கடை மலரை நாளைக்கு ஆருக்குத் தெரியும்?"

முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்கு, "அக்கா, நல்லதா நாலு வரி எழுது" என்று கந்தையா கேட்டான். எழுதியதை நானே அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அவனும் உங்களோடு சேர்ந்து அச்சில்தான் பார்ப்பான்.

எழுதுகிறேன், கேளுங்கள். என் மருமகன் ரவீந்திரன் இறந்துவிட்டார். இடுப்பில் நீலச் சாரம் கட்டியிருந்தார். இடது விலாவில் காயம். தலைமாட்டில் ஒரு கிழவர் இருந்து, மொய்த்த இலையானை விரட்டினார். இதைக் கண்டவள் செல்வி. அவளிடம் கேட்டறிந்து எழுதியவள் நான். இரண்டு பேரும் பெண்கள்.

இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிள்ளையார் படம் இருக்கிறது, தேவாரம் இருக்கிறது. இதைக் குப்பையில் போட உங்களுக்குக் கை வராது. கிழிக்கவும் பயப்படுவீர்கள். அலுமாரிக்கு மேல் மற்றக் கல்வெட்டுகளோடு போட்டு வைப்பீர்கள். கிடக்கட்டும். நீங்களும் நானும் போன பிறகு யாராவது ஏணி வைத்து எடுத்து வாசிக்கட்டும்.

சுகந்தி, போய் வாங்கோ பிள்ளை. எழுதியாச்சு.