புள்ளிக்குப் பின்னால் வந்த பத்து

தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் பிளான் தாள் மணல் குவியலின் மேல் விரிந்து கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். "மேஸ்திரி வந்துட்டாரு, வேலை ஸ்டார்ட்டு" என்று கீழே எழுதி, கட்டைவிரலையும் தூக்கிக் காட்டியிருந்தான். கடலூரில் எங்கள் ஆபீசில் காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டீ அப்படியே ஆறிப்போனது.

தாளில் 10.10 என்று இருந்தது. பக்கத்தில் 0.60, அதற்கடுத்து 5.10. மேலே மொத்த அளவு 15.80. அடிக்கு ஒரு கோடு, அங்குலத்துக்கு இரண்டு கோடு என்று எங்கள் ஆபீஸ் பிளான் எல்லாவற்றிலும் இருக்கும் குறிகள் ஒன்றைக்கூடக் காணோம்.

நான் பத்து வருடத்துக்கு மேல் பிளான் வரைகிறவள். கம்ப்யூட்டரில் புது ஃபைல் திறந்தால் முதல் கோடு போடுவதற்கு முன் யூனிட்ஸைத் திறந்து அளவை அடி அங்குலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மவுஸைத் தொடுவேன். பல் தேய்த்துவிட்டுக் காப்பி குடிக்கிற மாதிரி அது ஒரு பழக்கம். என் கணவர் அப்படியில்லை. அவர் சைட் இன்ஜினியர். வெயிலில் நின்று வேலை வாங்குவதில் கெட்டிக்காரர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ரயிலைப் பிடிக்கிற அவசரம் வந்துவிடும். நான் அப்பாவோடு சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இந்த பிளானை அவர்தான் வரைந்து, தம்பிக்கு நேராக அனுப்பியிருந்தார்.

அப்பாவுக்குச் சர்க்கரை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கால் போனதற்கு அவர் அழவில்லை. ஆஸ்பத்திரியில் பாத்ரூம் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாமல், வார்டு ஆள் ஒருவர் அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி உள்ளே கொண்டுபோனார். அன்றைக்குத்தான் அழுதார். "வீட்டுக்குப் போனா என்னை யாரும் தூக்கக் கூடாது. நானே போவணும், நானே வரணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் சோறு தண்ணியக் கொறைச்சிக்கிறேன்" என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள். ஏற்கெனவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தார் என்பது பிறகு நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதனால்தான் சிதம்பரத்தில் தம்பி வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட்டை அப்பாவுக்கு அறையாக மாற்ற முடிவு செய்தோம். சுவரும் கூரையும் ஏற்கெனவே இருந்தன. நடுவில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் ஒரு பக்கம் அறை, மறுபக்கம் பாத்ரூம். அவ்வளவுதான் வேலை. பாத்ரூமின் அகலம் மட்டும் ஐந்தடிக்குக் கீழே போகக் கூடாது. போனால் நாற்காலி உள்ளே போகும், திரும்பாது. இதை நான் கணவரிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தேன். சுற்றிலும் இடிக்காமல் இருக்க ஐந்தடி பத்து அங்குலம் கொடுங்கள் என்றும் சொல்லியிருந்தேன்.

டீயைத் தள்ளி வைத்துவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். அறை பத்தடி பத்து. சுவர் ஆறு அங்குலம். பாத்ரூம் ஐந்தடி பத்து. மொத்தம் பதினேழடி இரண்டு அங்குலம். ஷெட்டின் உள் அளவோ பதினைந்தடி எட்டு அங்குலம். ஒன்றரை அடி காணாமல் போயிருந்தது.

திட்டக்குடி சைட்டில் இருந்த கணவருக்குப் போன் போட்டேன்.

"யூனிட்ஸ் மாத்துனீங்களா?"

"எதுக்கு? சைட்ல எல்லாரும் பத்தடி பத்தை பத்து புள்ளி பத்துன்னுதானே எழுதுறாங்க. நானும் அப்படியே அடிச்சேன்."

"அது எழுதுறதுக்குங்க! கம்ப்யூட்டருக்கு பத்து புள்ளி பத்துன்னா பத்தேகால்கூட கிடையாது. பத்தடி ஒரு அங்குலம், கொஞ்சம் சொச்சம். அவ்ளோதான்."

"நாற்காலி திரும்ப அஞ்சடி வட்டம் போட்டுப் பார்த்தேனே, உள்ள நின்னுச்சே!"

"நிக்கும். உங்க ஸ்கிரீன்ல பாத்ரூமு அஞ்சடி ஒரு அங்குலம். ஆனா அச்சுல அஞ்சு புள்ளி பத்துன்னு வருது. மேஸ்திரி அதை அஞ்சடி பத்துன்னுதான் படிப்பாரு. அறையையும் பத்தடி பத்துன்னு படிப்பாரு. ரெண்டுத்துக்கும் எடம் எங்கருந்து வரும், உங்க பாக்கெட்லருந்தா?"

மறுமுனையில் கலவை இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே அளவுகளை முணுமுணுத்துக் கூட்டினார். பிறகு தணிந்த குரலில், "மேஸ்திரி எந்தப் பக்கத்துலருந்து அளக்க ஆரம்பிப்பாரு?" என்று கேட்டார்.

நான் பயந்ததும் அதற்குத்தான். வீட்டுச் சுவரிலிருந்துதான் அளப்பார். அறைக்குப் பத்தடி பத்தைப் பிடித்து, ஆறு அங்குலச் சுவரை எழுப்பினால் பாத்ரூமுக்கு மிஞ்சுவது நாலடி நாலு அங்குலம். நம் ஊரில் எத்தனையோ வீட்டில் பாத்ரூம் நாலடிதான். குறைகிறதே என்று யாரும் வேலையை நிறுத்தமாட்டார்கள். சமாளித்துக்கொண்டு கட்டிவிடுவார்கள்.

தம்பிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. தம்பி மனைவிக்குச் சொல்லலாம் என்றால் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அன்றைக்குத்தான் அப்பாவை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். அவள் போனும் பெல் அடித்து அடித்து நின்றது. போன் கண்டுபிடித்தவனைத் திட்டினேன், பிறகு தம்பியைத் திட்டினேன், கணவரைத் திட்டுவதற்குச் சாயங்காலம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வாயால் சொன்னால் மேஸ்திரி கேட்கமாட்டார், கையில் தாள் வேண்டும் என்று தோன்றியது. உடனே உட்கார்ந்து வரைந்தேன். புது ஃபைல். யூனிட்ஸ், அடி அங்குலம். பாத்ரூம் ஐந்தடி பத்தைத் தொடக்கூடாது, சுவர் ஆறு அங்குலத்தைத் தொடக்கூடாது, ஆக குறைய வேண்டியது அறைதான். ஒன்பதடி நாலு அங்குலம். கட்டில் போட்டு நாற்காலி போக அது தாராளம். மொத்த அளவை நான் அடிக்கவில்லை. கம்ப்யூட்டரையே அளக்க விட்டேன். பதினைந்தடி எட்டு அங்குலம் என்று குறிகளோடு வந்தது. தாளுக்கு ஏற்றபடி நீட்டிச் சுருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, ஒரு அங்குலத்துக்கு நாலடி என்று ஸ்கேல் கொடுத்து அச்செடுத்தேன். அந்த அவசரத்திலும் தாளின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்க்காமல் கிளம்ப மனம் வரவில்லை. மொத்த நீளம் நாலு அங்குலத்துக்குச் சற்றே குறைவாக இருந்தது. சரிதான். தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

சிதம்பரம் பஸ் அன்றைக்கு ஊர்வலம் போனது. கை காட்டியவர்களுக்கெல்லாம் நின்றது. புதுச்சத்திரத்தில் ஒரு அம்மா மீன் கூடையை ஏற்ற முடியாமல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய் ஒரு கை பிடித்தேன். உதவி செய்யும் குணம் என்று கண்டக்டர் நினைத்திருப்பார். வண்டி கிளம்பவேண்டுமே என்ற பதற்றம்தான் அது. பக்கத்தில் இருந்தவர் என் கையிலிருந்த சுருளைப் பார்த்து, "காலண்டராம்மா?" என்றார். அவருக்குப் பதில் சொல்லும் நிலைமையில் நான் இல்லை. மனசுக்குள் ஒவ்வொரு வரிசைக் கல்லாகச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் தம்பிக்கு மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

போய் இறங்கியபோது நான் பயந்தது நடந்திருந்தது. தடுப்புச் சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மேஸ்திரி குத்தவைத்து, கம்மோடு எங்கே வரவேண்டும் என்று செங்கல் துண்டால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தம்பி கட்டிங் மெஷினைப் பிடித்து டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

பிளக்கைப் பிடுங்கினேன்.

"அக்கா? நீ எப்ப வந்த?"

"பாத்ரூமை அளந்தியாடா?"

மேஸ்திரிதான் பதில் சொன்னார். "நாலடி நாலு வருதும்மா. பிளான்ல அஞ்சடி பத்து போட்ருக்கு, ஆனா எடம் இல்ல. தம்பிகிட்ட சொன்னேன்."

"பிளான் தாள்ல ஸ்கேல் வெச்சுப் பார்த்தேங்கா, அதுலயும் ஒண்ணும் சரியா வரல. மாமாவக் கேக்கலாம்னா அவரு லைன் கெடைக்கல. நாலடி போதும்னு நான்தான் சொன்னேன்," என்றான் தம்பி. அவன் தாளை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்திருந்தான். கடைக்காரர் பக்கம் நிறைய வரட்டும் என்று படத்தை நீட்டிவிட்டிருந்தார். அதில் எந்த ஸ்கேலை வைத்தாலும் உண்மை வராது.

என் தாளை விரித்தேன். மேஸ்திரி மூன்று அளவையும் வாய்விட்டுக் கூட்டினார். பதினைந்தடி எட்டு. டேப்பை எடுத்து ஷெட்டை மறுபடி அளந்தார். அதே பதினைந்தடி எட்டு. கலவை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. வேறு எதுவும் கேட்காமல் கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார். தம்பி முகம் சுண்டிப்போய் நின்றான். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை அடி தள்ளிப் புதிய கோட்டில் முதல் வரிசையை வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. அப்பா. டாக்டர் படுக்கச் சொல்லியிருந்தார், அவர் கேட்கவில்லை. "ரூமைக் காட்டுங்க" என்றார். நாற்காலியைத் தள்ளப்போன தம்பியின் கையைத் தட்டிவிட்டார். கதவுக்காக விட்டிருந்த இடைவெளி வழியாகத் தானே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, மணல் நெறுநெறுக்க பாத்ரூம் பக்கத்துக்குள் போனார்.

ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தைத் தள்ளினார். கால் மிதி பழைய சுவரை நெருங்கியது, இடிக்கவில்லை. பின் சக்கரம் ஈரக் கல்லை ஒட்டி வந்தது, உரசவில்லை. முழுச் சுற்று சுற்றி எங்களைப் பார்த்து நின்றார். மூச்சு வாங்கியது. இன்னொரு முறை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். நான் அழுதுகொண்டிருந்தேன், துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"என்னா எல்லாரும் நின்னு வேடிக்கை பாக்குறீங்க?" என்றார் அப்பா. "வெளிய போங்க."

கதவும் இல்லை, கம்மோடும் இல்லை, சுவரும் ஒரு வரிசைதான். ஆனாலும் நாங்கள் எல்லாரும், மேஸ்திரி உட்பட, வெளியே வந்து திரும்பி நின்றுகொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, குடிக்கத் தண்ணி கொண்டா. பெரிய சொம்புல."