டைமண்ட் மிஸ் எழுதிய விடைக்குறிப்பு

கல்லூரியில் அவளுக்கு டைமண்ட் மிஸ் என்று பெயர். காதிலும் கழுத்திலும் தேடினால் ஒரு பொட்டு வைரம் கிடைக்காது. பத்தொன்பது வருடமாக டேட்டாபேஸ் பாடத்தில் பலகை நிறைய டைமண்ட் என்னும் சாய்சதுரக் கட்டம் வரைந்து வரைந்து வாங்கிய பட்டம் அது. ஒரு பெட்டிக்குள் ஊழியர், இன்னொரு பெட்டிக்குள் துறை, நடுவில் ஒரு டைமண்ட், அதற்குள் ‘வேலை செய்கிறார்’. உறவில் சேருவது ஒன்றா, பலவா என்பதைக் கோட்டுக்கு மேல் எழுத்தாகப் போட வேண்டும். எந்தப் பெட்டி கட்டாயம் உறவில் சேர்ந்தாக வேண்டுமோ, அந்தப் பெட்டியின் பக்கம் இரட்டைக் கோடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

மூன்று வருடத்துக்கு முன் பாடத்திட்டக் குழுவில் யாருக்கோ ஞானோதயம் வந்தது. இனி பரீட்சையில் காக்கைக்கால் முறைதான் என்று சுற்றறிக்கை விட்டார்கள். டைமண்ட் கிடையாது, இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரே கோடு, அதன் இரு முனையிலும் குறிகள். காக்கைக்கால் போல மூன்றாக விரிந்தால் பல. குறுக்குக்கோடு என்றால் ஒன்று. வட்டம் என்றால் இல்லாமலும் இருக்கலாம். பயிற்சி உண்டா என்று கேட்டதற்கு, “நீங்க சீனியர், உங்களுக்கு எதுக்கு?” என்று சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி ஊறவைத்த நேரத்தில், தானே படித்துக்கொண்டாள். ஒன்று, பல இரண்டும் பழைய முறையில் நின்ற இடத்திலேயே புதியதிலும் நின்றன. அப்பாடா, உடுப்புதான் மாறியிருக்கிறது, ஆள் அதேதான் என்று மூடிவைத்துவிட்டாள். அங்கேதான் சறுக்கினாள், பாவம்.

இந்த வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமில் ஆறாம் கேள்விக்கு விடைக்குறிப்பு எழுத ஆள் தேடினார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் தெரியாத்தனமாக நிமிர்ந்து பார்த்தாள். வேலை அவள் தலையில் விழுந்தது.

கேள்வி சின்னதுதான். காக்கைக்கால் படம் ஒன்று. துறைப் பெட்டியின் ஓரத்தில் இரண்டு குறுக்குக்கோடு. ஊழியர் பெட்டியின் ஓரத்தில் வட்டமும் காக்கைக்காலும். துறையே இல்லாத ஊழியர் இருக்கலாமா? ஊழியரே இல்லாத துறை இருக்கலாமா? ஆறு மதிப்பெண். வட்டம் ஊழியர் பக்கம் இருக்கிறது, ஆகவே துறை இல்லாத ஊழியர் இருக்கலாம். கோடு துறை பக்கம் இருக்கிறது, ஆகவே காலித் துறை இருக்கக் கூடாது என்று குறிப்பு எழுதிக் கொடுத்தாள். தலைமைத் திருத்துநர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவருக்கும் முதுகுவலி.

மூன்றாம் நாள். நீள மேசை, கிறீச்சிடும் மின்விசிறி, பெயர் கிழித்த விடைத்தாள் கட்டுகள். கண் எரிந்தது, கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. ஒரு தாளில் யாரோ படத்துக்குப் பக்கத்தில் அதையே டைமண்ட் முறையிலும் வரைந்திருந்தார்கள். இரட்டைக் கோடு ஊழியர் பக்கம் இருந்தது. தப்பு என்று சுழிக்கப் போனாள். கீழே ஒரு வரி: ‘ஊழியரிடமிருந்து கிளம்பி எதிர் முனையைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு கோடு: குறைந்தது ஒரு துறை, அதிகபட்சம் ஒரு துறை. துறையிலிருந்து கிளம்பினால் எதிர் முனையில் வட்டமும் காலும்: ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம், பலரும் இருக்கலாம்.’

பேனா நின்றது. வினாத்தாளைத் திருப்பினாள். அடுத்த கேள்விக்காக அதே படத்தின் அட்டவணைகள் அச்சாகியிருந்தன. ஊழியர் அட்டவணையில், ‘துறை எண்: காலியாக விடக் கூடாது.’ மூன்று நாளாகக் கண்முன்னே இருந்த வரி! துறை இல்லாத ஊழியர் எங்கிருந்து வருவார்? டைமண்டில் கட்டாயத்தை அந்தந்தப் பெட்டியின் பக்கத்திலேயே பார்க்க வேண்டும். காக்கைக்காலில் அதையும் எதிர் முனையில் பார்க்க வேண்டும். ஒன்று, பல இடம் மாறவில்லை, கட்டாயம்தான் இடம் மாறிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக் கண்ணாடி சார் குஷியாகச் சொன்னார்: “மேடம், இந்தக் கட்டைப் பாருங்களேன். அத்தனை பேரும் ஒரே வாசகம் எழுதியிருக்காங்க. ‘குறி யார் வாசலில் நிற்கிறதோ, சட்டம் அவருக்கு.’ உங்க குறிப்பு அப்படியே! கண்ணை மூடிட்டு ஆறு ஆறா போட்டுட்டே வர்றேன்.”

அது அவள் வாசகம். மூன்று வருடமாக அவள் வகுப்பில் கோரஸாகச் சொல்லவைத்த வாசகம். அவள் பிள்ளைகளின் கட்டு அது.

அடக் கடவுளே, என்ன கணக்கு இது! வாயை மூடிக்கொண்டிருந்தால் சரியாக எழுதியவர்கள் எல்லோருக்கும் பூஜ்யம், தப்பாகக் கற்றுக்கொண்ட தன் பிள்ளைகளுக்கு ஆறு. வாயைத் திறந்தால் தன் பிள்ளைகள் காலி. அதில் பாதிப் பேர் தேறுவதே இழுத்துப்பிடித்துத்தான் என்று அவளுக்குத் தெரியும். யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்று மாலைக்குள் கட்டெல்லாம் சீல் ஆகிவிடும். அவளுக்கு அழுகை வந்தது, அழக்கூடத் தெம்பில்லை. பத்து நிமிடம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோனாள்.

தலைமைத் திருத்துநர் படத்தை வாங்கி, ஒரு முனையில் விரலை வைத்து மறுமுனைக்கு நகர்த்தினார். பிறகு விரலைத் திருப்பிக் கொண்டுவந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, இதை முதல் நாளே பாக்கக் கூடாதா?”

“பாத்திருக்கணும் சார். தப்பு என்மேலதான்.”

“ரெண்டு விடைக்கும் மார்க் போடச் சொல்லிடலாமா? பிரச்சினை முடிஞ்சுது.”

ஆகட்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. “முடியாது சார். ரெண்டும் நேர் எதிர். படத்தைச் சரியா வாசிச்சவனுக்கும் வாசிக்காதவனுக்கும் ஒரே மார்க்குன்னா, அப்புறம் எதுக்குக் கேள்வி?”

“யார் அடிவாங்குவாங்க, தெரியுமில்ல?”

“தெரியும் சார். என் பசங்கதான்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். “போங்க, கட்டெல்லாம் அவிழ்க்கச் சொல்றேன்,” என்றார்.

கூடத்தில் கிளம்பிய முணுமுணுப்பைக் கேட்க வேண்டுமே! இரண்டு நாள் வேலை மண்ணாகப் போனது. “நிம்மதியா இருக்க விடமாட்டாங்களே,” என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். கண்ணாடி சார் அந்தக் கட்டை மறுபடி பிரித்து ஆறை அடித்துப் பூஜ்யம் போடத் தொடங்கினார். நாற்பது எடுத்தால்தான் தேர்ச்சி. நாற்பத்துநான்கு முப்பத்தெட்டானது. நாற்பத்தொன்று முப்பத்தைந்தானது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் தன் கட்டில் பூஜ்யங்களை அடித்து ஆறு போட்டுக்கொண்டே போனாள். சந்தோஷப்பட வேண்டிய வேலை. ஒரு சொட்டு சந்தோஷம் வரவில்லை.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள் வகுப்பு மாணவி. பகலில் துணிக்கடையில் நின்றுவிட்டு மாலை வகுப்புக்கு வருபவள்.

“மிஸ், தொந்தரவு பண்றேனா? ஒரு நல்ல சேதி. கம்ப்யூட்டர் சென்டர்ல வேலை சொல்லியிருக்காங்க மிஸ். இந்த ஒரு பேப்பர் பாஸானா போதுமாம். அதான் உங்ககிட்ட முதல்ல சொல்லலாம்னு.”

“அப்படியாடா…”

“ஆறாவது கேள்வி இருக்கு பாருங்க, படம். அதைப் பாத்ததுமே உசிரு வந்துச்சு மிஸ். நீங்க சொன்னதை ஒரு எழுத்து மாறாம எழுதிட்டேன்.”

பேருந்து வந்து நின்றது. ஏறவில்லை. மதிப்பெண்ணைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பாடத்தைத் திருத்திச் சொல்ல எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

“கண்ணு, நான் சொல்லிக்கொடுத்ததே தப்பு,” என்றாள். “குறியை நம்ம பக்கம் பாக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் பாக்கணும். எனக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சுது. உன் தப்பு எதுவும் இல்லை.”

போனில் துணிக்கடையில் யாரோ அளவு கேட்கும் குரல் கேட்டது. பேருந்து போய்விட்டது.

“மிஸ்,” என்றாள் அவள், மெதுவாக. “மறுபரீட்சை எப்ப வரும்? அதுவரைக்கும் அந்த வேலையை வெச்சிருப்பாங்களா மிஸ்?”